கேள்விக்குறிக்குப் பதில்

ரூபன்,

உயிரோடுதான் இருக்கிறேன். ஆடிட் பரீட்சை நேற்று மத்தியானத்தோடு ஒழிந்தது. கியூர்பிப்பில் வழக்கமான ஜூன் மாதத் தூறல். கம்பளிக்குள் புகுந்துகொண்டு முதல் வேலையாக உன் பாக்கியைத் தீர்க்க உட்கார்ந்திருக்கிறேன்.

கோபப்படுவதற்கு முன் என் போன் எங்கே கிடந்தது என்று கேள். அம்மா அதைப் பிடுங்கி, சமையலறை அலமாரியில், காவடிக்கு மட்டும் வெளியே வரும் பித்தளைத் தட்டின்மேல் வைத்துப் பூட்டிவிட்டார். நீ மெசேஜ் அனுப்பும்போதெல்லாம் தட்டு கிர்ர்ரென்று அதிரும். நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்குவேன். அம்மா என்னையே பார்ப்பார்.

"யாரது?"

"கிளாஸ் குரூப்மா."

"பதினொரு மணிக்குக்கூடத் தூங்காதா உங்க குரூப்?"

இதற்கு மேல் நான் என்ன சொல்ல? (குரூப்பின் பெயர் ரூபன் என்று அவருக்குத் தெரியுமோ என்று எனக்குச் சந்தேகம். அதை நேரில் சொல்கிறேன்.)

நேற்றுதான் சாவி கைக்கு வந்தது. திறந்தால், தமிழ் நோட்டின்மேல் குறட்டை விடும் உன் நாய். அப்புறம் "உயிரோடு இருக்கிறாயா?" அப்புறம் வெறும் கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறியைப் பார்த்ததும் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. சாரி, சாரி, சாரி. ஒவ்வொன்றுக்கும் ஒன்று.

எங்கள் ஆடிட் பாடத்தில் இது ஒரு தனிக் கதை. கம்பெனிக்குப் பணம் தர வேண்டியவர்களுக்கு, "இவ்வளவு பாக்கி, சரிதானா?" என்று கடிதம் போகும். பதில் வராவிட்டால் இன்னொரு கடிதம். அப்புறம் ஒரு போன். அதற்கும் மசியாவிட்டால் வேறு ஆதாரம் தேட வேண்டும். நீ கடிதம் வரைக்கும் கச்சிதமாகச் செய்திருக்கிறாய். போன் மட்டும் ஏன் வரவில்லை, ஐயா? அம்மா எடுத்துவிடுவார் என்று பயமா? எது எப்படியோ, பதில் வரவில்லை என்பதற்காகப் பாக்கியே இல்லை என்று எந்த ஆடிட்டரும் எழுதிவிட மாட்டார். நீயும் எழுதிவிடாதே.

வட்டி கட்டத் தயார். சனிக்கிழமை ரோஸ்ஹில்லில் தால்பூரி, என் செலவு. தமிழில் "நூறு ரூபாய்" என்று அச்சடித்த நம் மொரீஷியஸ் நோட்டையே நீட்டுகிறேன், தமிழ் வகுப்பில் முதல் பெஞ்சுக்காரருக்குக் குறை இருக்கக் கூடாது பார். மிளகாய்ச் சட்னி மட்டும் கொஞ்சமாகப் போடச் சொல். போன தடவை நீ மூக்கைத் துடைத்துக்கொண்டே "காரமே இல்லை" என்றது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அப்புறம், தால்பூரியை ஜோடியாகத்தான் விற்பார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை, கடைக்காரர் வழக்கம் அது.

மூன்றரை மணி, மெட்ரோ ஸ்டேஷன் வாசல். வருகிறாயா? பழிவாங்க வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் கழித்துப் பதில் போடு. ஒரு மணி நேரம்தான், அதற்கு மேல் நானும் கேள்விக்குறி அனுப்புவேன்.

தேவினா