பொருள்: சி.டி.சி. பிரிவு கன்வேயர் தானே ஓடிய நிகழ்வு – பராமரிப்பு மேற்பார்வையாளரின் அறிக்கை

பெறுநர்: தொழிற்சாலை மேலாளர்
இடம்: தேயிலைத் தொழிற்சாலை, கோத்தகிரி வட்டம்

கடந்த செவ்வாய்க்கிழமை இரவு 9.40 மணியளவில் சி.டி.சி. உருளைகளுக்கு வாடிய இலையைக் கொண்டுசெல்லும் கன்வேயர், யாரும் ஸ்டார்ட் பட்டனை அழுத்தாமல் ஓடத் தொடங்கியது. அதன் வால்பகுதியில் ஒட்டியிருந்த இலைச் சக்கையைச் சுரண்டிக்கொண்டிருந்த தொழிலாளர், பிரஷ் எடுப்பதற்காகச் சில நொடிகளுக்கு முன்புதான் கையை வெளியே எடுத்திருந்தார். அவர் பெல்ட்டின் மேல் வைத்த சுரண்டி உள்ளே இழுக்கப்பட்டு வளைந்துவிட்டது. அருகில் நின்ற இயந்திர இயக்குநர் அவசர நிறுத்தக் கயிற்றை இழுத்ததும் பெல்ட் நின்றது. யாருக்கும் காயமில்லை.

இதன் தொடக்கம் அதற்கு மூன்று நாள் முந்தையது. மூடுபனி ஈரம் இறங்கியதால் ஹாப்பரின் இலைமட்ட சென்சார் பழுதாகி, கன்வேயர் அடிக்கடி நின்றது. வாடல் முடிந்த இலை காத்திருக்காது என்பதால், கன்வேயர் அவுட்புட்டை (`%Q0.4:P`) பி.எல்.சி.யில் ஃபோர்ஸ் செய்து, அதாவது நிரல் என்ன சொன்னாலும் அது இயங்கிய நிலையிலேயே இருக்கும்படி செய்து, ஓட்ட எங்கள் டெக்னீசியன் அனுமதி கேட்டார். நான் வாய்மொழியாகச் சம்மதித்தேன், பதிவேட்டில் எழுதச் சொல்லவில்லை. மறுநாள் கோயம்புத்தூரிலிருந்து வந்த புதிய சென்சாரைப் பொருத்திச் சோதித்தபோது பெல்ட் சரியாக ஓடியது. ஃபோர்ஸ் நீங்காத நிலையில் அது எப்படியும் ஓடியிருக்கும் என்பதை அப்போது நாங்கள் எண்ணிப்பார்க்கவில்லை. ஷிப்டு முடிவில் இப்பிரிவை மெயின் சுவிட்சில் நிறுத்துவதே வழக்கமாதலால், ஸ்டாப் பட்டன் வேலை செய்யாததும் தெரியவரவில்லை.

லேப்டாப்பைக் கழற்றினாலும், மின்சாரம் போய் வந்தாலும் இந்த பி.எல்.சி.யில் ஃபோர்ஸ் நீங்காது. செவ்வாய் இரவு மின்சாரம் தடைபட்டதும், இனி ஓடாது என்று நம்பிய தொழிலாளர் மெயின் சுவிட்சை அணைக்காமல் சுத்தம் செய்யத் தொடங்கினார். ஜெனரேட்டர் மின்சாரம் வந்து பி.எல்.சி. RUN நிலைக்குத் திரும்பியதும் அவுட்புட் இயங்கியது. மின்தடைக்குப் பின் மீண்டும் ஸ்டார்ட் கொடுத்தால்தான் ஓட வேண்டும் என்று நிரலில் இருந்தும், ஃபோர்ஸ் அதை மீறிவிட்டது. அவசர நிறுத்தம் மட்டும் காண்டாக்டருக்கு நேரடி வயரிங்காக இருந்ததால் காப்பாற்றியது. பி.எல்.சி.யின் மஞ்சள் MAINT விளக்கு மூன்று நாளும் எரிந்திருக்க வேண்டும். பேனல் கதவு மூடியிருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

அந்தத் தொழிலாளர் மீது குறை காண வேண்டாம் என்று வேண்டுகிறேன். மெயின் சுவிட்சை அணைத்தபின் அதில் மாட்ட வேண்டிய பூட்டும் எச்சரிக்கை அட்டையும் அந்தப் பிரிவில் வைக்கப்படவே இல்லை. அது என் பொறுப்பு.

அன்றிரவே ஃபோர்ஸை நீக்கி, மற்ற பி.எல்.சி.க்களையும் சோதித்தேன், வேறெதிலும் ஃபோர்ஸ் இல்லை. இனி என் கையெழுத்தும் நீக்க வேண்டிய நேரமும் பதிவேட்டில் இல்லாமல் எவரும் ஃபோர்ஸ் செய்யக் கூடாது. பழுது நீங்கியதும் ஸ்டாப் பட்டனில் பெல்ட் நிற்பதைக் கண்ட பிறகே பணி முடிந்ததாகக் கொள்ளப்படும். MAINT நிலையை நிரல்வழி படித்துப் பேனல் கதவில் எரியும் விளக்குக்கும், ஆறு பூட்டு–அட்டைத் தொகுதிகளுக்கும் ஒப்புதல் கோருகிறேன். பூட்டுகள் வரும்வரை சி.டி.சி. பிரிவில் சுத்தம் செய்யும்போது மெயின் சுவிட்சின் ஃபியூஸ்களை நானோ ஷிப்டு எலக்ட்ரீசியனோ கழற்றிக் கையில் வைத்திருப்போம்.

பராமரிப்பு மேற்பார்வையாளர்