கணக்கு உதவியாளர் தெரிவு: ஐந்து விண்ணப்பதாரிகளுக்கும் ஒரே புள்ளித் திட்டம்

முதலாளி ஐயாவுக்கும் ஸ்டோர் பொறுப்பான அண்ணாவுக்கும்,

வியாழக்கிழமை நேர்முகப் பரீட்சைக்கு ஐந்து பேரைக் கூப்பிட்டிருக்கிறோம். அவர்களுடைய சுயவிபரக் கோவைகளை நான் இன்னும் உங்களுக்குத் தரவில்லை. தாமதத்தால் அல்ல, வேண்டுமென்றேதான். எதற்கு எவ்வளவு புள்ளி என்று மூன்று பேரும் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆளைப் பார்த்த பிறகு புள்ளி பிரிக்க உட்கார்ந்தால், மனதுக்குப் பிடித்தவருக்கு எது நன்றாக வருமோ அதற்கே கூடப் புள்ளி போய்விடும். போன முறை எனக்கே அது நடந்தது.

அப்போது வந்தவர் நன்றாகக் கதைத்தார், ஆறு வருட அனுபவம் என்றார். மூன்று பேருக்கும் பிடித்துப்போயிற்று. வங்கிக் கணக்கிணக்கம் செய்யத் தெரியுமா என்று கேட்டோம், தெரியும் என்றார், அதோடு விட்டுவிட்டோம். நான்கு மாதம் காசேடும் வங்கிக் கூற்றும் ஒத்துப்போகவே இல்லை. திரும்பி வந்த இரண்டு காசோலைகளை நாங்கள் கண்டுபிடித்தபோது, அந்த வாடிக்கையாளர்களுக்கு மறுபடியும் கடனுக்குச் சாமான் போய்விட்டிருந்தது.

விளம்பரத்தில் நாங்கள் கேட்டது இவ்வளவுதான்: "பழைய சோனகத் தெருவிலுள்ள ஹார்ட்வெயார் மொத்த வியாபார நிலையத்துக்குக் கணக்கு உதவியாளர் தேவை. க.பொ.த. உயர்தரத்தில் வணிகப் பிரிவில் சித்தி. இரண்டு வருட அனுபவம் விரும்பத்தக்கது. வங்கிக் கணக்கிணக்கம், வற் வரிப் பட்டியல், சம்பளப் பதிவு, எக்செல் தெரிந்திருக்க வேண்டும். தமிழ், சிங்களம் பேசவும் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதவும் வேண்டும். கடன் நிலுவை பற்றி வாடிக்கையாளர்களுடன் பேச வேண்டும். சனி அரை நாள் வேலை." விளம்பரத்தில் இல்லாத எதற்கும் புள்ளி கிடையாது. அதில் உள்ள எதையும் விடவும் கூடாது.

முதலில் வாசல்

இரண்டு விடயங்களுக்குப் புள்ளி இல்லை, ஆம் அல்லது இல்லை மட்டும்தான். உயர்தரம் வணிகப் பிரிவில் சித்தியா? காலை 8.30க்கும் சனி அரை நாளுக்கும் வர முடியுமா? ஒன்றுக்கு "இல்லை" என்று வந்தாலும் அந்த விண்ணப்பம் அங்கேயே நிற்கும். வெள்ளவத்தையா, வத்தளையா என்று வீட்டைக் கேட்க வேண்டாம். நேரத்துக்கு வர முடியுமா என்று மட்டும் கேட்போம்.

நிறைகள்

| அம்சம் | நிறை |
|---|---|
| வங்கிக் கணக்கிணக்கமும் காசேடும் | 30 |
| வற் வரியும் சம்பளப் பதிவும் | 20 |
| எக்செல் | 20 |
| மொழிகள் | 15 |
| நிலுவை பற்றி வாடிக்கையாளருடன் பேசுவது | 10 |
| அனுபவ வருடங்கள் | 5 |
| மொத்தம் | 100 |

அனுபவத்துக்கு 5 மட்டும்தானா என்று அண்ணா கேட்பார் என்று தெரியும். உண்மையான அனுபவம் இருந்தால் அது மேலே உள்ள முதல் மூன்று அம்சங்களிலும் தானாகத் தெரியும். வருடத்துக்குத் தனியே 20 கொடுத்தால் ஒரே விடயத்துக்கு இரண்டு தரம் புள்ளி போட்டதாகிவிடும். நிலுவை பற்றிப் பேசுவதற்கு 10 வைத்ததற்கும் காரணம் உண்டு. பெரிய வாடிக்கையாளர்களுடன் ஐயாவே பேசுகிறார். புதியவர் ஞாபகமூட்டும் அழைப்பு எடுத்தால் போதும்.

புள்ளி 0 முதல் 4 வரை

"நல்லம்", "பரவாயில்லை" என்று போட்டால் மூன்று பேருக்கும் மூன்று அர்த்தம் வரும். ஆகவே ஒவ்வொரு புள்ளிக்கும் எதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எழுதிவிடுகிறேன்.

*கணக்கிணக்கம் (30).* வாயால் கேட்க மாட்டோம். காசேட்டின் ஒரு பக்கமும் அதே மாதத்து வங்கிக் கூற்றின் ஒரு பக்கமும் கொடுத்து 20 நிமிடம் விடுவோம். உள்ளே ஐந்து வித்தியாசங்கள் வைத்திருக்கிறேன்: நாங்கள் எழுதிக் கொடுத்தும் வங்கிக்கு இன்னும் போகாத காசோலை, நாங்கள் வைப்பிட்டும் இன்னும் வரவு வராத காசோலை, வங்கிக் கட்டணம், திரும்பி வந்த காசோலை, 4,580 என்பதை 4,850 என்று மாற்றி எழுதிய ஒரு பதிவு. கடைசியானது இலேசில் பிடிபடாது. இலக்கம் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதியின்றிப் பிரிபடும். இங்கே 270. அது தெரிந்தவர் எந்த வரியைத் தேட வேண்டும் என்று உடனே பிடித்துக்கொள்வார்.

- 4: ஐந்தையும் கண்டுபிடித்தார். எவற்றைக் காசேட்டில் திருத்த வேண்டும், எவை சில நாட்களில் தாமாகச் சரியாகும் என்று பிரித்துச் சொன்னார்.
- 3: நான்கு, அல்லது ஐந்தும் கண்டு பிரிப்பதில் ஒரு தவறு.
- 2: மூன்று. திரும்பி வந்த காசோலை அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.
- 1: ஒன்று அல்லது இரண்டு. திரும்பி வந்த காசோலையைத் தவறவிட்டு மூன்று கண்டாலும் இதுதான்.
- 0: எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

இந்த ஒரு அம்சத்துக்கு அடிமட்டம் உண்டு. இங்கே 2க்குக் கீழே வந்தவரை, மற்றவை எல்லாவற்றிலும் 4 எடுத்தாலும் நாங்கள் தெரிவு செய்ய மாட்டோம். கூட்டிப் பார்க்கும் முறையின் பலவீனம் இதுதான்: ஒன்றில் இல்லாததை இன்னொன்று நிரப்பிவிடும். கணக்கிணக்கத்தில் அப்படி நிரப்ப இடம் கொடுக்கக் கூடாது.

*வற் வரியும் சம்பளப் பதிவும் (20).* இரண்டு கணக்கு. முதலாவது: வற் உட்பட மொத்தம் 1,18,000 ரூபாய், வரி 18 வீதம், இதில் வரி எவ்வளவு? விடை 18,000. மொத்தத்துக்கே 18 வீதம் போட்டு 21,240 என்று எழுதுபவர் எங்கள் பட்டியல்களிலும் அதையேதான் செய்வார். இரண்டாவது: 50,000 ரூபாய் சம்பளத்துக்கு ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கை நிதியும். ஊழியரிடமிருந்து 8 வீதம், 4,000. எங்களிடமிருந்து 12 வீதம், 6,000. நம்பிக்கை நிதிக்கு எங்கள் பங்கு 3 வீதம், 1,500. இந்த 1,500ஐ ஊழியரின் சம்பளத்தில் கழித்தால் தவறு. இரண்டும் சரி, காரணமும் சொன்னால் 4. இரண்டும் சரி, காரணம் தடுமாறினால் 3. ஒன்று மட்டும் சரி என்றால் 2. முறை தெரிந்து இரண்டு விடையும் பிழைத்தால் 1. முறையே தெரியாவிட்டால் 0.

*எக்செல் (20).* 40 வரிகள் உள்ள நிலுவைப் பட்டியலில் 60 நாள் தாண்டியவற்றை வடிகட்டி, வாடிக்கையாளர் வாரியாகக் கூட்ட வேண்டும். சூத்திரம் போட்டு 10 நிமிடத்துக்குள் முடித்தால் 4, நேரம் கூடினால் 3. வடிகட்டிவிட்டு கூட்டுத்தொகையைக் கையால் கூட்டினால் 2, வடிகட்டல் மட்டும் தெரிந்தால் 1, அதுவும் இல்லையென்றால் 0.

*மொழிகள் (15).* அண்ணா ஐந்து நிமிடம் சிங்களத்தில் கதைப்பார். நான் ஆங்கிலத்தில் நான்கு வரி மின்னஞ்சல் எழுதச் சொல்வேன். சிங்களத்தில் தடையின்றிப் பேசி, மின்னஞ்சலும் அப்படியே அனுப்பக்கூடியதாக இருந்தால் 4. ஒன்று நன்று, மற்றது திருத்தினால் சரியாகும் என்றால் 3. இரண்டும் திருத்த வேண்டும் என்றால் 2. ஒன்று முற்றாக இல்லை என்றால் 1. இரண்டும் இல்லை என்றால் 0. உச்சரிப்புக்குப் புள்ளி குறைக்க வேண்டாம். விளங்குகிறதா என்பதுதான் கேள்வி.

*நிலுவை பேசுவது (10).* "45 நாள் தாண்டிய வாடிக்கையாளர், இப்போது கோபமாக இருக்கிறார்" என்று ஐயா நடிப்பார். மரியாதை குறையாமல் ஒரு திகதியும் ஒரு தொகையும் வாங்கினால் 4. ஒன்று மட்டும் வாங்கினால் 3. பணிவாகப் பேசி எதையும் வாங்காவிட்டால் 2. விட்டுக்கொடுத்துவிட்டால் 1. சண்டை பிடித்தால் 0.

*அனுபவம் (5).* நான்கு வருடமும் மேலும் 4, மூன்று 3, இரண்டு 2, ஒன்று 1, அதற்குக் குறைவு 0.

கணக்கு

நிறையைப் புள்ளியால் பெருக்கிக் கூட்டி 4ஆல் பிரித்தால் நூற்றுக்கு எவ்வளவு என்று வரும். தாளில் B2 முதல் B7 வரை நிறைகள். C நிரலில் முதலாவது விண்ணப்பதாரி, வலப்பக்கம் மற்றவர்கள். கணக்கிணக்கம் 2வது வரியில் இருப்பதால் அடிமட்டமும் இதிலேயே அடங்கும்:

```
=IF(C2<2,"இல்லை",SUMPRODUCT($B$2:$B$7,C2:C7)/4)
```

போன முறையை வைத்து ஒரு ஒத்திகை

போன முறை வந்த மூன்று பேரை என் குறிப்புகளிலிருந்து எடுத்து இதே திட்டத்தில் போட்டுப் பார்த்தேன். பெயரை விட்டு எண் மட்டும் வைத்திருக்கிறேன். கணக்கிணக்கப் புள்ளிகள், அவர்கள் சொன்னதையும் எண் 1 எங்களிடம் செய்ததையும் வைத்து நான் ஊகித்தவை.

| அம்சம் | நிறை | 1 | 2 | 3 |
|---|---|---|---|---|
| கணக்கிணக்கம் | 30 | 1 | 3 | 4 |
| வற், சம்பளம் | 20 | 2 | 3 | 2 |
| எக்செல் | 20 | 2 | 3 | 3 |
| மொழிகள் | 15 | 4 | 2 | 2 |
| நிலுவை | 10 | 4 | 2 | 1 |
| அனுபவம் | 5 | 4 | 2 | 0 |
| நூற்றுக்கு | | 57.5 | 67.5 | 65 |

நாங்கள் எடுத்தவர் எண் 1. அடிமட்டமே அவரை நிறுத்தியிருக்கும், அது இல்லாவிட்டாலும் மூன்றாமிடம்தான்.

2க்கும் 3க்கும் இடையே உள்ள 2.5ஐ நான் நம்பவில்லை. கணக்கிணக்கத்தின் நிறையை 35 ஆக்கி வற் வரியை 15 ஆகக் குறைத்தால் இருவரும் 67.5இல் சமமாகிவிடுகிறார்கள். அவ்வளவு சின்ன மாற்றத்துக்கே முன்னிலை போய்விடுகிறதென்றால் அது முன்னிலை அல்ல. ஆகவே முதலிடத்துக்கும் அடுத்தவருக்கும் இடையே 5க்குக் குறைவாக இருந்தால், புள்ளியை வைத்து முடிவு செய்ய மாட்டோம். இருவரையும் அரை நாள் கூப்பிட்டு, அதற்குரிய கூலியும் கொடுத்து, உண்மையான வேலை கொடுத்துப் பார்ப்போம்.

வியாழக்கிழமை நடைமுறை

எல்லோருக்கும் ஒரே தாள், ஒரே கேள்விகள், ஒரே வரிசை. ஒருவர் வெளியே போனதும் நாங்கள் மூவரும் ஒருவரோடு ஒருவர் கதைக்காமல் புள்ளி எழுதுவோம். ஐயா முதலில் அபிப்பிராயம் சொன்னால் நானும் அண்ணாவும் அதன் பக்கம் சாய்ந்துவிடுவோம், அதனால் ஐயாவின் தாளைக் கடைசியாகத் திறப்போம். ஒரு அம்சத்தில் இரண்டு புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் என்ன பார்த்தோம் என்று பேசி, விரும்பினால் திருத்துவோம். பிறகு மூன்றின் சராசரி. எல்லோரும் 4 எடுத்த அம்சம் ஏதும் இருந்தால், அந்தச் சோதனை இலகுவாகிவிட்டது என்று குறித்துவைக்கிறேன், அடுத்த முறைக்கு மாற்றலாம்.

ஊர், சமயம், பாடசாலை, கல்யாணம், யாருடைய சொந்தம் என்ற எதையும் கேட்கவும் வேண்டாம், வந்தால் எழுதவும் வேண்டாம். ஐந்து பேரில் ஒருவர் அண்ணாவுக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளை என்று கேள்விப்பட்டேன். அந்த ஒருவருக்கு மட்டும் அண்ணா புள்ளி போடாமல் இருக்கட்டும், நானும் ஐயாவும் போட்டு இருவரின் சராசரியை எடுப்போம். சிங்களக் கதையை அண்ணாவே நடத்தலாம், நாங்கள் பக்கத்தில் இருந்து கேட்கிறோம். அண்ணா இதைத் தவறாக எடுக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

நிறைகளில் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் செவ்வாய் மாலைக்குள் சொல்லுங்கள். புதன் காலை மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு இந்தத் தாளை லாச்சிக்குள் வைத்துவிட்டு, அதன் பிறகே சுயவிபரக் கோவைகளைத் திறப்போம்.