மருந்தாளுநர் பணிக்கு வந்த விண்ணப்பம்: என் மதிப்பீடு

மேடம், நீங்கள் அனுப்பிய சுயவிவரத்தை நம் அறிவிப்போடு ஒப்பிட்டுப் படித்தேன். நேர்காணலுக்கு அழைக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் அதற்கு முன் இவருடைய பதிவைச் சரிபார்த்துவிட வேண்டும்.

நாம் கட்டாயம் என்று கேட்டவை இரண்டு: நடப்பில் உள்ள மருந்தாளுநர் பதிவு, நோயாளிகளுக்கு நேரடியாக மருந்து வழங்கிய 2 ஆண்டு அனுபவம். கட்டுப்பாட்டு மருந்துப் பதிவேடு பராமரித்த பழக்கம், இரவுப் பணிக்குச் சம்மதம் ஆகியவை இருந்தால் நல்லது என்றுதான் போட்டிருந்தோம்.

பதிவு பற்றி முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார். பதிவு எண் இருக்கிறது, பதிவான ஆண்டு 2017 என்றும் இருக்கிறது. எதுவரை செல்லும், கடைசியாக எப்போது புதுப்பித்தார் என்பது மட்டும் எங்கும் இல்லை. மறைக்கிறார் என்று நான் நினைக்கவில்லை, நிறையப் பேர் இதை எழுதுவதில்லை. ஆனால் பதிவு காலாவதியாகியிருந்தால் அவரைக் கவுன்டரில் நிறுத்த முடியாது. எவ்வளவு திறமை இருந்தாலும் சரி. சான்றிதழின் நகலை வாங்கினால் மட்டும் போதாது. பதிவு செய்த கவுன்சிலிடமே எண்ணைக் கொடுத்து, நடப்பில் உள்ளதா, ஏதாவது நிபந்தனையோ இடைநீக்கமோ உண்டா என்று கேட்டுவிடுங்கள். பட்டச் சான்றிதழில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

அனுபவத்தில்தான் நிதானமாகப் படிக்க வேண்டியிருந்தது. "8 ஆண்டு மருந்துத் துறை அனுபவம்" என்று மேலே எழுதியிருக்கிறார். அது உண்மைதான், ஆனால் நாம் கேட்டது வேறு. முதல் 2 ஆண்டு மருந்துத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்திருக்கிறார். 2022 ஏப்ரலிலிருந்து 2024 ஜனவரி வரை மருந்து விற்பனைப் பிரதிநிதி. இப்போது இருப்பது மருத்துவமனைதான், ஆனால் வேலை மத்திய மருந்துக் கிடங்கில்: வார்டுகளிலிருந்து வரும் இண்டென்ட்டுக்குச் சரக்கு அனுப்புவது, காலாவதி தேதி பார்ப்பது, 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டிய மருந்துகளைக் கண்காணிப்பது. பொறுப்பான வேலை, நமக்கும் பயன்படும். ஆனாலும் நோயாளியின் மருந்துச் சீட்டு இவர் கைக்கு வருவதில்லை.

எஞ்சியது 2019 ஜூலை முதல் 2022 மார்ச் வரை ஒரு மருந்துக் கடையில் பார்த்த வேலை. 33 மாதங்கள். கொள்முதல், பில்லிங் என்று அங்கும் பல வேலைகளைச் சொல்கிறார். ஆனால் அவற்றோடு சீட்டைச் சரிபார்த்தது, லேபிள் ஒட்டியது, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று விளக்கியது எல்லாம் தனித்தனியாக இருக்கின்றன. ஆகவே 2 ஆண்டு என்ற தகுதி நிறைவேறுகிறது.

இதில் ஒரு வரி என்னை நிறுத்தியது. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை கொடுக்க வேண்டிய மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, சீட்டில் தினமும் ஒன்று என்று இருந்ததாம். கொடுக்காமல் நிறுத்தி, மருத்துவரை அழைத்துத் திருத்தி வாங்கியிருக்கிறார். அந்த மாத்திரையை அப்படித் தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். "பிழையின்றிப் பணியாற்றினேன்" என்று எழுதும் பத்துப் பேரைவிட, எந்தப் பிழையைப் பிடித்தேன் என்று சொல்லும் ஒருவரையே நான் நம்புவேன். நேர்காணலில் இதிலிருந்தே தொடங்கலாம். எதைப் பார்த்துச் சந்தேகம் வந்தது, மருத்துவர் கிடைக்காதிருந்தால் என்ன செய்திருப்பார், நோயாளியிடம் என்ன சொன்னார் என்று கேட்கிறேன். தானே செய்தவர் என்றால் பதில் தடுமாறாது.

குறை என்று பார்த்தால், கவுன்டரை விட்டு வந்து 3 ஆண்டுக்கு மேல் ஆகிறது. சமீபத்திய அனுபவம் வேண்டும் என்று நம் அறிவிப்பில் இல்லை, எனவே அதைச் சொல்லி இவரை ஒதுக்குவது நியாயமில்லை. தேர்வானால் முதல் சில வாரங்கள் இவர் எடுத்து வைப்பதை இன்னொரு மருந்தாளுநர் பார்த்த பிறகே நோயாளியிடம் கொடுக்கட்டும். இன்சுலின், வார்ஃபரின், குழந்தைகளின் எடை பார்த்துக் கணக்கிடும் மருந்துகள் ஆகியவற்றுக்கு இது கண்டிப்பாக வேண்டும்.

கட்டுப்பாட்டு மருந்துப் பதிவேடு பற்றி ஒன்றும் எழுதவில்லை. இரவுப் பணிக்குச் சம்மதம் என்கிறார்.

பதிவு நடப்பில் இருப்பதாகக் கவுன்சிலிலிருந்து பதில் வந்ததும் நேர்காணல் தேதி கொடுத்துவிடுங்கள். அந்த மருந்துக் கடையில் இவர் யாருக்குக் கீழ் வேலை செய்தாரோ அவருடைய தொடர்பு விவரத்தையும் இவரிடமே கேட்டு வாங்கிவையுங்கள். அவரிடம் நானே பேசுகிறேன்.

தலைமை மருந்தாளுநர்