கடையில் பகுதிநேர வேலை கேட்டு – வாரம் 20 மணி நேரத்துக்கு உட்பட்டு

மதிப்பிற்குரிய எட்வின் அண்ணனுக்கு,

வணக்கம். என் பெயர் அபிஷா, ஊர் கருங்கல். ஈஸ்ட் ஹாமில் உங்கள் கடைக் கண்ணாடியில் 'வார இறுதிக்கு ஆள் தேவை' என்று ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். பில் போடும் இடத்தில் இருந்த அக்காவிடம் கேட்டேன். நானும் நம்ம ஊர்தான் என்றதும், "அண்ணனுக்குத் தமிழிலேயே வாட்ஸ்அப்பில் எழுதிப் போடு மக்களே, ராத்திரி கடை அடைச்சிட்டுப் பார்ப்பாங்க" என்று இந்த எண்ணைத் தந்தார்கள்.

செப்டம்பரில்தான் லண்டன் வந்தேன். சப்ளை செயின் மேனேஜ்மென்ட்டில் ஒரு வருட எம்.எஸ்சி. படிக்கிறேன், வயது 23. உங்கள் கடையில் வேலை செய்ய விருப்பம். ஆனால் மாணவர் விசாவில் இருப்பதால் எனக்கு மணிக்கணக்கு உண்டு. அதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தெரிந்துகொண்டு நீங்கள் முடிவு செய்வதுதான் இரண்டு பேருக்கும் நல்லது.

வகுப்பு நடக்கும் காலத்தில் நான் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். வாரம் என்பது திங்கள் தொடங்கி ஞாயிறு முடிய. ஒரு வாரம் 12 மணி நேரம் செய்துவிட்டு அடுத்த வாரம் 28 என்று சரிக்கட்ட முடியாது. எத்தனை இடத்தில் வேலை பார்த்தாலும் எல்லாம் சேர்த்துத்தான் 20. செவ்வாய்தோறும் பல்கலைக்கழக நூலகத்தில் 4 மணி நேரம் வேலை செய்கிறேன். அதைக் கழித்தால் உங்களுக்கு 16 மணி நேரம் தரலாம். வெள்ளி மாலை 5 முதல் 9 வரை, சனி காலை 9 முதல் 3 வரை, ஞாயிறு ஆராதனை முடிந்து மதியம் 1 முதல் 7 வரை என்றால் சரியாக 16 வரும். உங்களுக்கு வேறு நேரம்தான் தோது என்றால் சொல்லுங்கள். திங்கள், வியாழன் பகலில் வகுப்பு இருக்கிறது, மற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூட்டமான நாளில் "இன்னும் ஒரு மணி நேரம் நின்னுட்டுப் போ" என்று கேட்க வேண்டி வரும், கடை என்றால் அது சகஜம். அந்த வாரக் கணக்கில் இடம் இருந்தால் சந்தோஷமாக நிற்பேன். 20 முடிந்துவிட்டால் சம்பளம் வாங்காமல் சும்மா உதவிக்கு நின்றாலும் அது வேலையாகத்தான் கணக்காகும். அப்போது நான் கிளம்பினால் தவறாக நினைக்காதீர்கள். கூடுதலாக வேலை செய்தால் என் விசாவே ரத்தாகலாம், கடைக்கும் அபராதம் வரும். 2024 பிப்ரவரியிலிருந்து, முதல் தடவை பிடிபட்டாலே ஓர் ஆளுக்கு 45,000 பவுண்ட் வரை போடலாம் என்று ஆக்கியிருக்கிறார்கள். எனக்காக உங்களுக்கு அப்படி ஒரு தலைவலி வரக் கூடாது.

விடுமுறைக் காலத்தில் இந்த வரம்பு இல்லை. எங்களுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை டிசம்பர் 15 முதல் ஜனவரி 11 வரை. அந்த நாட்களில் முழுநேரமும் வரலாம். நான் ஊருக்குப் போகவில்லை, கிறிஸ்துமஸ் அன்று மட்டும் விட்டால் போதும். ஈஸ்டர் விடுமுறையும் அப்படியே. ஆனால் கோடையில் எம்.எஸ்சி.காரர்களுக்கு ஆய்வேடு எழுதும் காலம். அதுவும் படிப்புக் காலம்தான், எனவே ஜூன், ஜூலையிலும் 20 மணி நேரமே. கோடைக்கு முழுநேர ஆள் வேண்டும் என்று நீங்கள் கணக்குப் போட்டிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். தீபாவளி இந்த மாதம் 20-ஆம் தேதி திங்களன்று வருகிறது. அதற்கு முந்தின வாரம் நூலக வேலையை விட்டுவிட்டு 20 மணி நேரத்தையும் கடைக்கே தர முடியும்.

கடை வேலை எனக்குப் புதிது இல்லை. கருங்கலில் அப்பாவுக்குக் காய்கறி, பழக்கடை. பள்ளிக்கூட நாளிலிருந்தே தராசுப் பக்கம் நின்றிருக்கிறேன். ஏத்தன் குலை வந்தால் அன்றைக்கு விற்கிற சீப்பையும் இரண்டு நாள் வைக்கிற சீப்பையும் பிரித்துப் போடத் தெரியும். தோலில் கரும்புள்ளி விழுந்ததைக் கழிவில் தள்ளாமல், அவித்துத் தின்னவும் பழம்பொரிக்கும் கேட்டு வருகிறவர்களுக்குத் தனியாக எடுத்து வைப்போம். மரச்சீனியில் முனையை ஒடித்துப் பார்த்து, நீலக் கோடு ஓடியிருந்தால் அந்தக் கிழங்கைத் தட்டிலேயே வைக்க மாட்டோம். உங்கள் கடையில் இந்த இரண்டையும் பார்த்தேன், அதனால்தான் சொல்கிறேன். பில் போடுவதும் ஸ்டாக் எடுப்பதும் கம்ப்யூட்டரில் பழக்கம். அரிசி மூட்டை தூக்குவேன். வண்டி ஓட்டத் தெரியாது. தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் பேசுவேன்.

சம்பளம் பற்றி. பேரோலில் சேர்த்து, பே ஸ்லிப்போடு, வங்கிக் கணக்கில் போடும் வேலையாக வேண்டும். கையில் பணமாக வாங்க மாட்டேன். மாணவர் விசாவில் சுயதொழிலும் கூடாது, அதனால் இன்வாய்ஸ் கொடுத்து வாங்கவும் வழியில்லை. 21 வயது நிரம்பியவர்களுக்கு 2025 ஏப்ரலில் வைத்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்ட். அதில் தொடங்கினால் எனக்குச் சம்மதம்.

நீங்கள் சரி என்றால் என் ஷேர் கோடு அனுப்புகிறேன். அதையும் என் பிறந்த தேதியையும் GOV.UK தளத்தில் போட்டால் எனக்கு என்ன வேலை அனுமதி என்று திரையில் வரும். அதைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது இ-விசா, பாஸ்போர்ட் நகல் மட்டும் போதாது. கோடு 90 நாள் செல்லும். வகுப்பு, விடுமுறைத் தேதிகள் போட்ட கடிதமும் பல்கலைக்கழகத்தில் வாங்கித் தருகிறேன், மாணவரை வேலைக்கு வைக்கும்போது கடையில் அது இருக்க வேண்டும். நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அது வருவதற்கு முன்பே வேலையில் சேரலாம்.

ஒரு நாள் வேலை செய்ய வைத்துப் பார்க்க நினைத்தால் தாராளமாக வருகிறேன். அதுவும் 20 மணி நேரக் கணக்கில் சேரும் என்பதால், ஷேர் கோடு பார்த்த பிறகு வைத்துக்கொள்வோம்.

வாரம் 16 மணி நேரத்துக்கு ஆள் எடுக்கும் எண்ணம் உண்டா, நான் சொன்ன நேரம் தோதுப்படுமா என்று மட்டும் சொல்லுங்கள் அண்ணா. ஆள் ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்றாலும் ஒரு வரி போட்டால் உதவியாக இருக்கும், வேறு இடம் பார்த்துக்கொள்வேன். புதன், வெள்ளி பகலில் எப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன். நேரில் வரச் சொன்னாலும் வருகிறேன்.

அக்காவிடம் என் நன்றியைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அபிஷா
06.10.2025