வெப்ப இயக்கவியல், அசைன்மெண்ட் 3: முதல் விதிக் கணக்குகள், விடைகளுடன்

இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு

திருத்திய தாள்கள் டுடோரியல் வகுப்பில் கிடைக்கும். அதற்கு முன் இந்த விடைகளை உங்கள் விடைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சூத்திரம் தெரியாமல் மதிப்பெண் இழந்தவர்கள் குறைவு. வெப்பநிலை ஏறினால் வெப்பம் உள்ளே வந்திருக்க வேண்டும் என்று மனதிலேயே முடிவு கட்டிக்கொண்டு, அதற்கேற்ப குறியை மாற்றியவர்கள்தான் அதிகம். அதனால் குறியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் விதியை நாம் இப்படி எழுதுகிறோம்:

```
Q = ΔU + W
```

வாயுவுக்குள் வரும் வெப்பம் நேர்க்குறி, வெளியேறுவது எதிர்க்குறி. வாயு செய்யும் வேலை நேர்க்குறி, வாயுவின் மேல் செய்யப்படும் வேலை எதிர்க்குறி. வேதியியல் புத்தகங்களில் ΔU = q + w என்று இருக்கும்; அங்கே வேலையின் குறி தலைகீழ். இரண்டும் சரிதான். ஆனால் ஒரே கணக்கில் பாதி இது, பாதி அது என்று எழுதினால் விடை எங்கும் போய்ச் சேராது.

எல்லாக் கணக்குகளுக்கும் காற்றின் மதிப்புகள்: R = 0.287 kJ/kg·K, cv = 0.718 kJ/kg·K, cp = 1.005 kJ/kg·K, γ = 1.4. நல்லியல்பு வாயுவின் அக ஆற்றல் வெப்பநிலையை மட்டுமே சார்ந்தது. ஆகவே பருமன் மாறினாலும் அழுத்தம் மாறினாலும், எந்த நிகழ்வாக இருந்தாலும், ΔU = m cv ΔT தான். "இது பருமன் மாறா நிகழ்வு இல்லையே, cv எப்படிப் போடலாம்?" என்று சிலர் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். cv பருமன் மாறா நிகழ்வில் அளக்கப்படுவது உண்மை. ஆனால் ΔU தொடக்க நிலையையும் இறுதி நிலையையும் மட்டுமே பொறுத்தது. நடுவே எந்தப் பாதையில் போனீர்கள் என்பதை அது பார்ப்பதில்லை. Q, W இரண்டும்தான் பாதையைப் பொறுத்தவை.

கணக்கு 1. பிஸ்டன் உள்ள சிலிண்டரில் 1 கிலோ காற்று 100 kPa, 300 K நிலையில் இருக்கிறது. அதன் பருமன் எட்டில் ஒரு பங்காக அமுக்கப்படுகிறது. (அ) சமவெப்பநிலை, (ஆ) n = 1.3 உள்ள பாலிட்ரோப்பிக், (இ) வெப்பப் பரிமாற்றமில்லா மீள் நிகழ்வு ஆகிய மூன்றுக்கும் Q, W, ΔU காண்க.

(அ) வெப்பநிலை மாறவில்லை, எனவே ΔU = 0.

```
W = RT ln(V2/V1) = 0.287 × 300 × ln(1/8) = -179.0 kJ
Q = W = -179.0 kJ
```

(ஆ) இதுதான் அதிகம் பேர் சறுக்கிய இடம்.

```
T2 = 300 × 8^0.3 = 559.8 K
W  = R(T1 - T2)/(n - 1) = 0.287 × (-259.8)/0.3 = -248.6 kJ
ΔU = 0.718 × 259.8 = 186.5 kJ
Q  = 186.5 - 248.6 = -62.1 kJ
```

காற்று 260 கெல்வின் சூடாகியிருக்கிறது. ஆனாலும் 62 கிலோஜூல் வெப்பம் வெளியே போயிருக்கிறது. தாளில் Q = +62 என்று மாற்றி எழுதியவர்கள் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு விடையை நம்பாதவர்கள். நம்பலாம். 248.6 கிலோஜூல் வேலையாக உள்ளே வந்தது, அதில் 62 சிலிண்டர் சுவர் வழியே கசிந்தது, மீதி அக ஆற்றலாகத் தங்கியது. Q-வை ΔT-ஆல் வகுத்தால் ஏறத்தாழ -0.24 kJ/kg·K வரும். எதிர்க்குறியில் தன்வெப்பமா என்று பயப்பட வேண்டாம். n-இன் மதிப்பு 1-க்கும் γ-க்கும் இடையில் இருக்கும்போதெல்லாம் இப்படித்தான் வரும்.

(இ) Q = 0.

```
T2 = 300 × 8^0.4 = 689.2 K
ΔU = 0.718 × 389.2 = 279.5 kJ
W  = -279.5 kJ
```

R(T1 - T2)/(γ - 1) வழியாகப் போட்டவர்களுக்கு -279.3 வந்திருக்கும். R/(γ - 1) சரியாக 0.7175, நாம் எடுத்தது 0.718, வித்தியாசம் அவ்வளவுதான். அதற்கு மதிப்பெண் குறைக்கவில்லை.

மூன்று வேலைகளையும் பாருங்கள்: 179, 248.6, 279.5. அமுக்கும்போதே வெப்பத்தை எவ்வளவு வெளியேற்றுகிறோமோ அவ்வளவு வேலை மிச்சம். காற்று கம்ப்ரசரின் சிலிண்டரைச் சுற்றி விசிறித் தகடுகள் வைப்பது இதற்கும் சேர்த்துத்தான்.

கணக்கு 2. 0.2 கிலோ காற்று 100 kPa, 300 K-இல் தொடங்கி, பருமன் மாறாமல் 300 kPa வரை சூடாக்கப்படுகிறது (1–2). பிறகு சமவெப்பநிலையில் 100 kPa வரை விரிகிறது (2–3). கடைசியாக, அழுத்தம் மாறாமல் குளிர்ந்து பழைய நிலைக்குத் திரும்புகிறது (3–1).

பருமன் மாறாததால் T2 = 900 K; T3-உம் அதுவே. V1 = 0.2 × 0.287 × 300/100 = 0.1722 m³, V3 = 0.5166 m³.

| நிகழ்வு | Q (kJ) | W (kJ) | ΔU (kJ) |
|---|---|---|---|
| 1–2 | 86.16 | 0 | 86.16 |
| 2–3 | 56.75 | 56.75 | 0 |
| 3–1 | -120.60 | -34.44 | -86.16 |
| மொத்தம் | 22.31 | 22.31 | 0 |

2–3-இல் W = mRT ln 3. 3–1-இல் W = 100 × (0.1722 - 0.5166). அங்கே Q-வை m cp ΔT என்று தனியாகப் போட்டுப் பார்த்தாலும் -120.60 தான் வரும். இப்படி இரண்டு வழியில் சரிபார்க்கும் பழக்கம் தேர்வில் உங்களைக் காப்பாற்றும். கடைசி வரிசையில் ΔU பூஜ்யம் வராவிட்டால் மேலே போய்த் தேடுங்கள். விடையை அடித்துத் திருத்தாதீர்கள்.

திறன் = 22.31/(86.16 + 56.75) = 15.6%. வகுப்பது உள்ளே வந்த வெப்பத்தால் மட்டும். நிகர வெப்பத்தால் வகுத்தால் எல்லாச் சுற்றுக்கும் 100% வந்துவிடும்!

ஒரு விஷயம்: 900 கெல்வினில் காற்றின் cv ஏறத்தாழ 0.83 ஆகிவிடுகிறது. காற்று அட்டவணையில் பார்த்தால் 1–2-இல் ΔU சுமார் 92 கிலோஜூல். மாறிலி cv எடுத்ததால் நம் விடை 6 சதவீதத்துக்கு மேல் குறைவு. அசைன்மெண்டுக்குப் போதும், எஞ்சின் வடிவமைப்புக்குப் போதாது.

கணக்கு 3. காப்பிடப்பட்ட, விறைப்பான தொட்டி ஒன்றைத் தடுப்பு இரு சமபாகமாகப் பிரிக்கிறது. ஒரு பக்கம் 500 kPa, 320 K-இல் காற்று, மறுபக்கம் வெற்றிடம். தடுப்பு உடைகிறது. இறுதி வெப்பநிலை, அழுத்தம் காண்க.

விடை: 320 K, 250 kPa. அவ்வளவே.

காப்பிடப்பட்டது என்று படித்தவுடன் T2 = 320 × (1/2)^0.4 = 242.5 K என்று பாய்ந்தவர்கள் பலர். அந்தச் சூத்திரம் மீள் நிகழ்வுக்கானது, அதாவது ஒவ்வொரு கணமும் பிஸ்டனைத் தள்ளி வேலை செய்யும் வாயுவுக்கு. இங்கே தள்ளுவதற்கு எதுவும் இல்லை. தொட்டியின் சுவர் நகரவில்லை, W = 0. வெப்பமும் வரவில்லை, Q = 0. ஆகவே ΔU = 0, வெப்பநிலை மாறாது. ∫P dV எழுதவும் வழியில்லை. தடுப்பு உடைந்த பின் நடுவில் வாயுவுக்கு ஒரே அழுத்தம் என்று ஒன்று கிடையாது. ஜூல் 1845-இல் வெளியிட்ட சோதனையும் இதே அமைப்புதான்: தொட்டிகளைச் சுற்றியிருந்த நீரின் வெப்பநிலையில் அவரால் மாற்றத்தைக் காண முடியவில்லை.

242.5 எழுதியவர்கள் இந்தக் கணக்கை மட்டும் மறுபடி போட்டு டுடோரியலுக்குக் கொண்டு வாருங்கள். பாதி மதிப்பெண் திரும்பக் கிடைக்கும். கூடவே கணக்கு 2-இன் P–V படத்தையும் வரைந்து வாருங்கள். 2–3 நேர்கோடு அல்ல.