பருவுக்கு எந்த க்ரீம்? மெடிக்கல் கடையில் ஒரு உரையாடல்

(பாளையங்கோட்டையில் ஒரு மெடிக்கல் கடை. மாலை நேரம், கூட்டம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. கவுண்டரில் பார்மசிஸ்ட், இளம்பெண். எதிரே ஒரு அம்மா. மகன் வெளியே பைக்கில் உட்கார்ந்தபடி உள்ளே வர மாட்டேன் என்கிறான்.)

அம்மா: ஏம்மா, முகப்பருவுக்கு நல்ல க்ரீமாக ஒன்று கொடு. எது ஸ்ட்ராங்கோ அது. பையன் பிளஸ் ஒன் படிக்கிறான், முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஸ்கூலுக்கே போக மாட்டேன் என்கிறான்.

பார்மசிஸ்ட்: கொடுக்கிறேன் அக்கா. ஆனால் ஸ்ட்ராங்காகக் கேட்காதீர்கள். பரு எப்படி இருக்கிறது? கருப்பு, வெள்ளைப் புள்ளியாகவா, சிவந்தா, சீழ் வைத்தா, உள்ளே கட்டியாகவா?

அம்மா: மூக்கிலும் நெற்றியிலும் கரும்புள்ளி. கன்னத்தில் சிவப்பாக நாலைந்து, அதில் ஒன்றிரண்டு வெள்ளையாகச் சீழ் வைத்திருக்கிறது. கட்டி இல்லை.

பார்மசிஸ்ட்: தொட்டால் வலிக்கிற பெரிய கட்டி, குழி விழுந்த தழும்பு இருந்தால் நான் க்ரீமே கொடுக்காமல் நேராக டாக்டரிடம் அனுப்பியிருப்பேன். இது கடை மருந்தில் தொடங்கக்கூடியதுதான். இதுவரை ஏதாவது போட்டானா?

அம்மா: (பையிலிருந்து ஒரு ட்யூபை எடுத்து) பக்கத்து வீட்டுப் பெண் கொடுத்தாள். அவள் முகம் ஒரே வாரத்தில் பளபளவென்று ஆகிவிட்டது. இவனும் நாலு நாளாகப் போடுகிறான், கொஞ்சம் அடங்கின மாதிரி தெரியுது. இதே போதுமா என்று கேட்கத்தான் வந்தேன்.

பார்மசிஸ்ட்: (ட்யூபைத் திருப்பிப் படிக்கிறாள்) முன்னால் பெரிய எழுத்தில் இருக்கிற பேரை விடுங்கள் அக்கா, பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் பாருங்கள். ஹைட்ரோகுயினோன், ட்ரெடினோயின், மொமெட்டசோன். இந்த மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும், அதனால்தான் முதல் வாரம் பார்க்க அழகாக இருக்கும். தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், ரத்த நரம்பு வெளியே தெரியும், புதுசாகப் பரு கிளம்பும், நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும், அந்தப் பயத்தில் மறுபடி போடத் தோன்றும். பருவுக்கு இது மருந்தே இல்லை.

அம்மா: ஐயோ! நாலு நாள் போட்டுவிட்டானே?

பார்மசிஸ்ட்: நாலு நாள்தானே, இன்றோடு நிறுத்திவிடட்டும், பயப்பட ஒன்றுமில்லை. அந்தப் பெண் எவ்வளவு நாளாகப் போடுகிறாள்?

அம்மா: அவளா, ஆறு மாதம் இருக்கும்.

பார்மசிஸ்ட்: அப்படியென்றால் அவள் திடீரென்று நிறுத்த வேண்டாம், தோல் டாக்டரைப் பார்த்துவிட்டு அவர் சொல்கிறபடி நிறுத்தச் சொல்லுங்கள். சண்டை போடாமல் சொல்லுங்கள் அக்கா, நல்ல எண்ணத்தில்தான் கொடுத்திருப்பாள். (அலமாரியிலிருந்து ஒரு ஜெல்லை எடுத்து) பையனுக்கு இதில் ஆரம்பிக்கலாம். பென்சாயில் பெராக்சைடு, 2.5 சதவீதம்.

அம்மா: அங்கே 5 என்று ஒன்று இருக்கிறதே? அது சீக்கிரம் கேட்குமே.

பார்மசிஸ்ட்: எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள். சதவீதம் கூடக் கூட எரிச்சலும் வறட்சியும்தான் கூடுகிறது, பலன் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. எரிச்சல் தாங்காமல் பையன் மூன்றாம் நாளே ட்யூபைத் தூக்கிப் போட்டுவிட்டால் எது வாங்கி என்ன பிரயோஜனம்? 2.5 போதும். முதல் இரண்டு நாள் தாடைக்குக் கீழே கொஞ்சமாகத் தடவிப் பார்க்கட்டும். ஒன்றும் ஆகவில்லையென்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் ராத்திரி, முகம் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு, பருவின் மேல் மட்டும் புள்ளி வைக்காமல் பரு வருகிற இடம் முழுக்க மெல்லிசாக. மொத்த முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு. கண், உதடு, மூக்கு ஓரம் பக்கம் போகக்கூடாது. லேசான எரிச்சலும் தோல் உரிவதும் சகஜம். கண் இமையோ உதடோ வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது ரொம்ப அபூர்வம், ஆனால் சொல்லாமல் கொடுக்க மாட்டேன். அப்புறம் ஒன்று, இது துணியை வெளுக்க வைக்கும். கலர் தலையணை உறையை எடுத்துவிட்டு பழைய வெள்ளை உறையைப் போடுங்கள், இல்லையென்றால் நாளைக்கு என்னிடம்தான் கேட்பீர்கள்.

அம்மா: (சிரிக்கிறார்) கரும்புள்ளியும் இதிலேயே போய்விடுமா?

பார்மசிஸ்ட்: கொஞ்சம் குறையும். கரும்புள்ளிக்கு நன்றாகக் கேட்பது அடாபலீன் ஜெல். அதில் முதல் சில வாரம் பரு கூடின மாதிரி தெரியும், வெயில் கூடுதலாகத் தாக்கும். அதனால் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரித் தோல் பிரிவில் ஒரு தடவை காட்டி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பெரிய செலவில்லை. பெண் பிள்ளைகள் கர்ப்பமாக இருக்கும்போது அதைப் போடவே கூடாது, வீட்டில் வேறு யாராவது எடுத்துப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அம்மா: என் தம்பி கிளிண்டாமைசின் ஜெல் வாங்கச் சொன்னான்.

பார்மசிஸ்ட்: அது ஆன்டிபயாடிக். சீட்டு இல்லாமல் தர மாட்டேன். அதை மட்டும் தனியாகப் போட்டுக்கொண்டே இருந்தால் கிருமிக்குப் பழகிப்போய் மருந்து கேட்காமல் போய்விடும். டாக்டர் எழுதினாலும் பெரும்பாலும் இந்தப் பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துத்தான் எழுதுவார்.

அம்மா: எத்தனை நாளில் போகும்? அடுத்த மாதம் எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணம் வருகிறது.

பார்மசிஸ்ட்: பொய் சொல்ல மாட்டேன் அக்கா. கல்யாணத்துக்குள் முழுசாகப் போகாது. வித்தியாசம் தெரியவே நாலு வாரத்துக்கு மேல் ஆகும், சரியாகத் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம். ஒரு வாரத்தில் பளபளவென்று ஆகிவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டும் குறையவில்லையென்றால், இல்லை, கட்டியோ தழும்போ வர ஆரம்பித்தால், காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள். அவன் ஜிம்முக்குப் போகிறானா? பவுடர், ஊசி ஏதாவது?

அம்மா: அதெல்லாம் இல்லை. தலைக்கு மட்டும் நிறைய எண்ணெய் வைப்பான்.

பார்மசிஸ்ட்: நெற்றியில் பரு இருக்கிறவன் வழிய வழிய எண்ணெய் வைக்க வேண்டாம். வைத்தாலும் முடியில் மட்டும், நெற்றிக்கு வராமல். முகத்தை இரண்டு வேளை கழுவினால் போதும், தேய்த்துத் தேய்த்து ஐந்து தடவை கழுவினால் இன்னும் மோசமாகும். எலுமிச்சை, பற்பசை, சோடா உப்பு எதுவும் வேண்டாம். காய்ந்து போனால் எண்ணெய் இல்லாத மாய்ஸ்சரைசர் போடலாம்.

அம்மா: கிள்ளாதே கிள்ளாதே என்றால் கேட்பதே இல்லை.

பார்மசிஸ்ட்: கிள்ளினால் தழும்பு விழுகிற வாய்ப்பு கூடும். அவனைக் கூப்பிடுங்கள் அக்கா, நீங்கள் சொன்னால் கேட்க மாட்டான், பட்டாணி அளவு எவ்வளவு என்று அவன் விரலிலேயே வைத்துக் காட்டிவிடுகிறேன்.