பத்து கிராம் கற்கண்டு

திருநெல்வேலி டவுனில் கீழ ரத வீதியிலிருந்து பிரியும் சந்தில், பன்னிரண்டு பலகை வைத்த கடை வெயிலுமுத்து அண்ணாச்சி கடை. காலை ஐந்தரைக்குப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எண் வரிசையில் சுவரோரம் சாய்ப்பார். வரிசை மாறிவிட்டால் ராத்திரி பூட்டும்போது ஏழாம் பலகை பள்ளத்தில் இறங்காது. அதன்பின் வாசல் தெளித்து, பிள்ளையாருக்குச் சூடம் காட்டி, தினசரிக் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழிப்பார். கிழித்த கையோடு வேலைக்குப் போகமாட்டார். புதுத் தாளில் நட்சத்திரம் எத்தனை நாழிகை வரை என்று மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படிப்பார். எதிர்க்கடைக்காரர்கள் அதை ராகுகாலம் பார்க்கிற பழக்கம் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

பேரன் கதிர் வந்து கடையில் கம்ப்யூட்டர் பில் போட ஆரம்பித்தது சித்திரையில். ஐந்து மாதம் கழித்து ஆவணிக் கடைசியில் இருப்பை எண்ணினான். மற்ற சரக்கில் வந்த வித்தியாசத்துக்கெல்லாம் காரணம் இருந்தது. வத்தல் மூட்டை பிரித்த பிறகு காய்ந்து எடை இறங்கும், புளியில் கொட்டையும் நாரும் கழியும், வெல்லம் மழைக்காலத்தில் கசிந்து சாக்கில் ஒட்டிக்கொள்ளும். பனங்கற்கண்டு மட்டும் இடித்தது. வாங்கியது ஐந்து கிலோ, பில்லில் போனது மூன்று கிலோ நூறு, ஜாடியில் இருப்பது அறுநூறு கிராம். ஒரு கிலோ முந்நூறு எங்கே? கற்கண்டு காய்ந்து குறைகிற சாமான் இல்லை. மூடி சரியாக இல்லாவிட்டால் ஈரம் குடித்து எடை கூடத்தான் செய்யும்.

கடைப் பையன் மாரி அந்த ஜாடிப் பக்கம் அடிக்கடி நிற்பதைக் கதிர் பார்த்திருந்தான். சம்பளத்தில் பிடிப்பதற்கு முன்னால் தாத்தாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று போனான்.

"மாரி மேல ஒரு சந்தேகம், தாத்தா."

"எதுல?"

"கற்கண்டுல. ஒண்ணு முந்நூறு குறையுது."

அண்ணாச்சி தராசுத் தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மின் தராசு வந்த பிறகும் அந்தப் பித்தளைத் தட்டைத் துடைப்பதை அவர் விடவில்லை. "அவன் எடுக்கல. எம்பேர்ல எழுது" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் கதிர் கணக்குப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்து தாத்தாவின் கையையே பார்த்தான். ஆட்டோ ஓட்டும் இசக்கி வந்து அரைக் கிலோ ரவை, கால் கிலோ உளுந்து, சோப்பு ஒன்று கேட்டார். அண்ணாச்சி செய்தித்தாளில் கால் பங்கு கிழித்தார். இடது உள்ளங்கையில் வைத்துச் சுருட்டிக் கூம்பாக்கி, அடிமுனையை உள்ளே மடித்து அழுத்தினார். ஜாடியிலிருந்து விரல்நுனியால் எடுத்துப் போட்டார், எடை பார்க்கவில்லை. மேல் வாயை மூன்று மடிப்பு மடித்து, தலைக்கு மேலே தொங்கும் கண்டிலிருந்து நூலை இழுத்து, குறுக்கே இரண்டு நெடுக்கே இரண்டு சுற்றி, முடிச்சுப் போடாமல் முறுக்கி அறுத்தார். ரவைப் பொட்டலத்துக்கும் சோப்புக்கும் நடுவில் பையில் அது இறங்கியது. இசக்கி பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். பொட்டலத்தை வீட்டில் பிரிக்கும்போது கொசுறு என்று நினைப்பார், அவ்வளவுதான்.

சாயங்காலம் கதிர் அதே அளவுக்குச் சுருட்டி மின் தராசில் வைத்துப் பார்த்தான். தாளோடு பதினொன்று. ஆயிரத்து முந்நூறைப் பத்தால் வகுத்தான். நூற்று முப்பது பொட்டலம், ஐந்து மாதத்தில்.

புரட்டாசி இரண்டாம் வாரம் அண்ணாச்சிக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னது மூன்று: சொட்டு மருந்து வேளை தவறக்கூடாது, குனிந்து பாரம் தூக்கக்கூடாது, தூசி ஆகாது. மளிகைக் கடையில் மூன்றாவதை எப்படிக் காப்பாற்றுவது? வத்தல் மூட்டையைக் கிளறினால் தெரு முழுக்கத் தும்மும். ஆகையால் கடைக்குப் பின்னால் உள்ள அறையில், நடுக்கதவைச் சாத்தி, கருப்புக் கண்ணாடியோடு உட்காரவைத்தார்கள்.

முதல் நாள் காலையில் காலண்டர் தாளைக் கிழித்தது கதிர். சதயம் என்று போட்டிருந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது. "இன்னைக்கு என்னல நட்சத்திரம்?"

"சதயம், தாத்தா."

"காலையில எத்தனை மணி வரைக்கும்?"

"ராத்திரி ஒன்பது வரைக்கும் இருக்கு."

"அப்போ சரி. பிச்சம்மா ஆச்சி வீட்டுச் சின்னவ வருவா. கற்கண்டு போட்டு விட்டுரு."

கதிருக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாள் ராகுகாலம் என்று நினைத்தது பிறந்தநாள்.

தாத்தாவை ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருக்க அவனுக்கு மனம் வரவில்லை. பரணில் இருந்த சிட்டைகளை இறக்கினான். 1971இல் தொடங்கி வருஷத்துக்கு ஒன்று. சிவப்புத் துணி அட்டை, ஒவ்வொரு நாளுக்கும் தலையில் தமிழ்த் தேதி, கிழமை, நட்சத்திரம். ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் என்ன வாங்குவார்கள் என்று அவனுக்குத் தெரியும். சுக்கு, ஓமம், திப்பிலி, பெருங்காயம், வசம்பு. வசம்பு தேவைப்படுவது கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குத்தான். ஆகவே வசம்பு எழுதியிருக்கும் நாட்களையெல்லாம் இரண்டு ராத்திரி உட்கார்ந்து பட்டியல் எடுத்தான். எண்பது வீட்டுக்கும் பெயர், மாதம், நட்சத்திரம்.

பட்டியல்படி, தையல்காரர் மகள் பிறந்தது புரட்டாசி, அசுவினி. அசுவினி அன்று அவள் வந்தபோது பொட்டலம் போட்டான். உள்ளே போய்ச் சொன்னான்.

"அவ அசுவினி இல்லையே" என்றார் அண்ணாச்சி. "விசாகம். இந்த மாசம் விசாகம் போயிட்டு. அஞ்சாம் தேதியே குடுத்துட்டேன். நீ எதைப் பாத்து எழுதினே?"

"வசம்பை வச்சு."

அண்ணாச்சி கருப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து அவன் இருக்கும் திசையைப் பார்த்தார். கோபம் இல்லை. கணக்கில் தப்பைக் கண்டுபிடித்தவரின் முகம்.

"வசம்பு பிறந்த அன்னைக்கு எவன்ல வாங்குவான்? ஆஸ்பத்திரியில இருந்து வந்து, தீட்டுக் கழிச்சு, உரைமருந்து குடுக்கப்போறப்பதான் வாங்குவான். சில வீட்டுல பத்து நாள், சில வீட்டுல பதினாறு. அதை வச்சுப் பாத்தா எல்லாம் தள்ளித்தான் வரும். நீ கற்கண்டைப் பாக்கணும்லா."

"கற்கண்டா?"

"பிள்ளை விழுந்ததும் சேனை தொட்டு வைக்கணும். சில ஊர்ல சீனித்தண்ணி, சில ஊர்ல கருப்பட்டி. இந்தச் சந்துல அப்போ எல்லாருக்கும் பனங்கற்கண்டுதான். ஐம்பது கிராம். வீட்டு ஆம்பளை மூச்சு வாங்க ஓடி வந்து அது ஒண்ணை மட்டும் வாங்கினா, வேற ஒண்ணும் கேக்க வேண்டாம். அன்னைக்குத்தான் பிறந்தது."

கதிர் சிட்டையைப் பிரித்தான். 1983, ஆவணி. இசக்கியின் அப்பா பெயர், கற்கண்டு 50, வேறு சாமான் எதுவும் இல்லாமல் ஒற்றை வரி. ஓரத்தில் மையால் ஒரு புள்ளி.

"புள்ளி வச்சிருக்கே, தாத்தா."

"ராத்திரி பிறந்தது. கடை திறக்கற வரைக்கும் காத்திருந்து காலையில வாங்கினது. புள்ளி இருந்தா முந்தின நாள் நட்சத்திரத்தை எடுத்துக்கோ."

அதன்பின் அவர் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். நட்சத்திரம் இருபத்தேழு நாளில் ஒரு சுற்று வந்துவிடும், தமிழ் மாதத்துக்கு இருபத்தொன்பதிலிருந்து முப்பத்திரண்டு நாள் வரை, ஆகையால் மாதத் தொடக்கத்தில் வந்த ரெண்டிலிருந்து அஞ்சு நட்சத்திரம் வரை கடைசியில் மறுபடி வரும். அப்படி வந்தால் அவர் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்வார். கல்யாணமாகி வந்த பெண்களுக்குச் சிட்டையில் வரி கிடையாது. முதல் வருஷம் அர்ச்சனைச் சாமான் வாங்கும்போது யார் பேருக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது பிறக்கும் பிள்ளைகளுக்குத் தாய்ப்பாலைத் தவிர எதுவும் நாக்கில் வைக்கக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள், அது சரிதான், யாரும் கற்கண்டு வாங்க ஓடி வருவதில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு, அப்பன்காரன் மிட்டாய் கொண்டுவந்து நீட்டும் நாளில் "எப்பம் பிறந்தது" என்று கேட்டால் போதும்.

"பள்ளிக்கூடத்துல போட்ட தேதி வேண்டாம்" என்றார். "அந்தக் காலத்துல வாத்தியார் வயசு சேரணும்னு தோணின தேதியைப் போட்டு விட்டிருப்பார்."

கதிர் எழுதிக்கொண்டே வந்தவன் ஒரு பெயரில் நிறுத்தினான். மீனாட்சி டீச்சர். அவர்கள் வீட்டுப் பற்று இரண்டு வருஷத்துக்கு முன்பே தீர்த்து முடித்த கணக்கு. மாதச் சாமான் இப்போது பெரிய கடையிலிருந்து வண்டியில் வந்து இறங்குகிறது.

"இவங்களும் வேணுமா?"

"புரட்டாசி ரோகிணி. எழுதிக்கோ" என்றார் அண்ணாச்சி.

ரோகிணி அன்று காலை ஐந்தே முக்காலுக்கு டீச்சர் வந்தார். கோயிலுக்குப் போகிற அவசரம், கையில் பூக்கூடை மட்டும். அந்த நேரத்தில் சந்தில் வேறு கடை திறந்திருக்கவில்லை.

"சூடம் பத்து ரூபாய்க்குக் குடு தம்பி. தாத்தாவுக்குக் கண்ணு எப்படி இருக்கு?"

"தேவலை டீச்சர். நாலு நாளா வெளிச்சம் நல்லாத் தெரியுதாம்."

பை இல்லை. நடுவில் நழுவவிட இடம் இல்லை. கதிர் தாளைச் சுருட்டிச் சூடக் கட்டிகளைப் போட்டான், அதன் மேலேயே கற்கண்டையும் போட ஜாடியைத் திறந்தான். மூடி திருகும் சத்தம் உள்ளே கேட்டிருக்க வேண்டும்.

"ஏல, சூடத்தோட சேக்காதே. வாசம் ஏறிரும். வாயில வைக்க முடியாது."

டீச்சர் நடுக்கதவைப் பார்த்தார். கதிர் இன்னொரு தாள் கிழித்தான். கற்கண்டில் பெரிய கட்டி ஒன்று வந்தது, நடுவில் அது விளைந்த நூல் இன்னும் ஒட்டியிருந்தது. அதை விரலால் உருவி எடுத்துவிட்டு மடித்தான். அவன் சுற்றிய நூல் முதல் தடவை தளர்ந்தது. பிரித்து, குறுக்கே இரண்டு நெடுக்கே இரண்டு மறுபடி சுற்றினான். இரண்டு பொட்டலத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைக்காமல், பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நூலில் கட்டி, நடுவில் நாலு விரற்கடை இடைவெளி விட்டுக் கூடையில் வைத்தான்.

"இது என்ன தம்பி ரெண்டு?"

"கொசுறு, டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் பத்து ரூபாயைக் கல்லாவில் போட்டான்.